இருட்படம் கழித்தல்: நட்சத்திரப் புள்ளியும் சூட்டுப் புள்ளியும்

இரவு வானை இரண்டு நிமிஷமோ அதற்கு மேலுமோ திறந்த கண்ணுடன் நோக்குமாறு டிஜிட்டல் காமிராவை அமைத்துப் படமெடுத்தால், அப்படத்தில் நட்சத்திரங்களுடன் வேறு சில புள்ளிகளும் கலந்து காணப்படும். அவற்றுட் சில செக்கச் சிவந்திருக்கும். சில நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். சில வெண்மையாகவே இருந்து, பார்ப்பவரை எளிதில் ஏமாற்றிவிடும். கோடைக்காலத்து இரவில் இவை நூற்றுக்கணக்கில் தோன்றும். அதே காமிராவைப் பனிக்காலத்தில் பயன்படுத்தினால் பெரும்பாலானவை மறைந்துவிடும். வானில் இருப்பவை பருவத்துக்கேற்ப இவ்வாறு தோன்றி மறைவதில்லை. ஆகவே இப்புள்ளிகளின் பிறப்பிடம் வானமன்று, காமிராவே என்பது தெளிவு.

நட்சத்திரத்தின் ஒளியை அளக்க விரும்புவோருக்கும், வானில் நகரும் சிறுகோளைத் தேடும் மாணவர்க்கும் இப்புள்ளிகள் வெறும் அழகுக் குறை அல்ல. இல்லாத பொருளை இருப்பதாக அறிவிக்கவும், இருக்கும் பொருளைத் துடைத்தெறியவும் இவை காரணமாகும். இவற்றை நீக்கும் முறைகளில் மிகவும் நேர்மையானது ‘இருட்படம் கழித்தல்’ என்பதாகும். அது செயலளவில் எளியது. எனினும், அதன் நிபந்தனைகளை மீறினால் உள்ள குறையைப் போக்குவதற்குப் பதில் புதிய குறையை உண்டாக்கிவிடும்.

புள்ளிகள் தோன்றும் காரணம்

காமிராவின் சென்சார் என்பது இலட்சக்கணக்கான நுண்ணிய சிலிகன் கட்டங்களால் ஆயது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒளி விழும்போது சிலிகனிலிருந்து எலெக்ட்ரான்கள் விடுபட்டு அந்தந்தக் கட்டத்தில் சேர்கின்றன. படம் முடிந்ததும் காமிரா அவற்றை அளந்து எண்ணாக மாற்றுகிறது. ஆனால் எலெக்ட்ரானை விடுவிக்க ஒளிதான் வேண்டுமென்பதில்லை. வெப்பமும் அதைச் செய்யும். முழு இருளில் வைத்தாலும் ஒவ்வொரு கட்டத்திலும் எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே இருக்கும். இதற்கு ‘இருள் மின்னோட்டம்’ என்று பெயர். ஒளியால் வந்த எலெக்ட்ரான் எது, வெப்பத்தால் வந்தது எது என்று காமிராவால் பிரித்தறிய இயலாது.

சாதாரணப் பிக்சலில் இவ்வாறு சேர்வது மிகச் சிறிதே. ஆனால் சிலிகன் படிகத்தில் குறை நேர்ந்துள்ள இடங்களில் எலெக்ட்ரான்கள் பன்மடங்கு எளிதாக விடுபடுகின்றன. அத்தகைய கட்டங்களே சூட்டுப் பிக்சல்கள். அவை அயலிலுள்ள கட்டங்களைவிட நிஜமாகவே சூடாக இருப்பதில்லை; அதே உஷ்ணநிலையில் அதிகமாகக் கசிகின்றன, அவ்வளவே. பகலில் நூறில் ஒரு பங்கு வினாடியில் எடுக்கும் படத்தில் இக்கசிவு தெரிய நேரமில்லை. நிமிஷக் கணக்கில் திறந்து வைக்கும்போதுதான் அது குவிந்து புள்ளியாகப் புலப்படுகிறது.

உஷ்ணநிலை உயர உயர இக்கசிவு மிக வேகமாகப் பெருகும். சென்சாரின் வகையைப் பொறுத்துச் சிறிது வேறுபட்டாலும், சுமார் 6 டிகிரி சென்டிகிரேடு உயரும்போதெல்லாம் அது இரட்டிக்கிறது என்று கொள்ளலாம். லடாக்கில் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே வானாய்வு நிலையம் உள்ளது. அதைச் சூழ்ந்த பிரதேசம் 2022-ஆம் ஆண்டில் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கு ஒரு குளிர்ந்த இரவில் காமிராவின் சென்சார் 0 டிகிரியில் இருப்பதாகவும், சமவெளியில் ஒரு கோடை இரவில் அதே சென்சார் 30 டிகிரியில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இடையே ஐந்து முறை இரட்டிப்பு நிகழ்கிறது. அதாவது சமவெளியில் கசிவு 32 மடங்கு. ஹான்லேயில் மாசற்றதாகத் தோன்றிய காமிரா சமவெளியில் புள்ளி நிறைந்து காணப்படுவதன் இரகசியம் இதுவே.

இருட்படம் எடுக்கும் விதம்

சூட்டுப் பிக்சல்களிடம் ஒரு நற்குணம் உண்டு. அவை இடம் மாறுவதில்லை; ஒரே உஷ்ணநிலையில், ஒரே கால அளவில், ஏறக்குறைய ஒரே அளவே கசிகின்றன. ஆகவே லென்சை மூடிக்கொண்டு, வானைப் படமெடுத்தது போலவே மற்றொரு படம் எடுத்தால், அதில் ஒளி இராது. கசிவு மட்டும் பதிந்திருக்கும். இதுவே இருட்படம். வானப்படத்தின் ஒவ்வொரு பிக்சல் எண்ணிலிருந்தும் இருட்படத்தில் அதே இடத்திலுள்ள எண்ணைக் கழித்தால் ஒளியால் வந்த பகுதி மட்டும் எஞ்சும்.

‘வானைப் படமெடுத்தது போலவே’ என்னும் சொற்களில்தான் முறையின் உயிர் உள்ளது. திறந்திருந்த நேரம், ஐ.எஸ்.ஓ. எண், சென்சாரின் உஷ்ணநிலை ஆகிய மூன்றும் இரு படங்களுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். முதலிரண்டும் காமிராவில் வைத்தபடி நிற்கும். மூன்றாவதே தொல்லை தருவது. படமெடுக்கும் வேலையாலேயே காமிராவின் உட்பகுதி சூடேறும். முதற்படத்தின்போது இருந்ததைவிடப் பத்தாம் படத்தின்போது சென்சார் சில டிகிரி உயர்ந்திருக்கும். நள்ளிரவில் படமெடுத்துவிட்டு, மறுநாட்காலை வீட்டினுள் வைத்து இருட்படம் எடுப்பது ஆகவே பயனற்றது. வானப்படங்கள் எடுத்த அதே இடத்தில், அதே இரவில், தொடக்கத்தில் சிலவும், நடுவில் சிலவும், முடிவில் சிலவுமாக இருட்படங்களை எடுத்தல் நலம். சில காமிராக்கள் ஒவ்வொரு படத்துடனும் தம் உள் உஷ்ணநிலையைக் குறித்து வைக்கும். அக்குறிப்பைக் கொண்டு ஒத்த படங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒளி உட்புகாமல் காப்பதும் அவசியம். லென்சை மூடினால் மட்டும் போதாது. கண்ணாடி வழியே நோக்கும் வகைக் காமிராவில் பின்புறக் காட்சித் துளையின் வழியாகவும் ஒளி நுழையும். அதையும் மூடிக் காமிராவைக் கறுப்புத் துணியால் போர்த்த வேண்டும். ஒளி புகுந்துவிட்டதா என்பதை அறிவது எளிது. இருட்படத்தைக் கணினியில் மிகவும் வெளிச்சப்படுத்திப் பார்க்கும்போது, ஒரு பக்கம் மட்டும் மங்கலான வெளிச்சம் பரவியிருக்கக் கண்டால், முதலில் ஒளிக் கசிவையே ஐயுற வேண்டும். சில காமிராக்களில் உள்மின்சுற்றின் சூடும் ஓரத்தில் இத்தகைய வெளிச்சத்தைத் தரும். காமிராவை இன்னொரு துணியால் மூடி மீண்டும் எடுத்தபோதும் அது மாறாதிருந்தால், அது காமிராவின் இயல்பு. கழித்தலில் அதுவும் நீங்கிவிடும்.

எண்களில் ஓர் உதாரணம்

14 பிட் காமிரா ஒன்று ஒவ்வொரு பிக்சலையும் 0 முதல் 16,383 வரையுள்ள எண்ணால் குறிக்கிறது. ஒன்றும் பதியாத போதும் அது 2,048 என்னும் அடிப்படை எண்ணைச் சேர்த்தே எழுதுவதாகவும், ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஓர் எண்ணுக்குச் சமமெனவும் கொள்வோம். இரண்டு நிமிஷப் படத்தில் மூன்று பிக்சல்களை ஆராய்வோம். முதலாவது வெறும் வானம். இரண்டாவதும் வெறும் வானமே, ஆனால் அது சூட்டுப் பிக்சல். மூன்றாவதில் ஒரு மங்கிய நட்சத்திரம் விழுந்துள்ளது.

வானத்தின் இயல்பான வெளிச்சம் மூன்றிலும் 240. சாதாரணப் பிக்சலின் கசிவு 12; சூட்டுப் பிக்சலின் கசிவு 3,000; நட்சத்திரம் தருவது 600. எனவே வானப்படத்தில் முதலாவது 2,300 என்றும், இரண்டாவது 5,288 என்றும், மூன்றாவது 2,900 என்றும் பதியும். நட்சத்திரத்தைவிட வெறும் வானமே அதிகமாக ஒளிர்வதை இங்குக் காணலாம். இருட்படத்தில் இதே மூன்றும் முறையே 2,060, 5,048, 2,060 என்றிருக்கும். கழித்தால் 240, 240, 840 என எஞ்சுகின்றன. போலிப் புள்ளி மறைந்தது. நட்சத்திரம் தன் அளவு குறையாமல் நின்றது. அடிப்படை எண்ணும் இருபுறமும் இருந்தமையால் தானே நீங்கிவிட்டது.

இனி, இருட்படம் 6 டிகிரி குளிர்ந்த நிலையில் எடுக்கப்பட்டதெனக் கொள்வோம். சூட்டுப் பிக்சலின் கசிவு 1,500 ஆகவே பதியும். இருட்படத்தின் எண் 3,548. கழித்தால் 1,740 எஞ்சும். அயலில் 240 இருக்க, அவ்விடம் இன்னும் பிரகாசமான புள்ளியாகவே நிற்கும். மாறாக, இருட்படம் 6 டிகிரி கூடுதலான உஷ்ணத்தில் எடுக்கப்பட்டிருந்தால் அதன் எண் 8,048 ஆகும். கழித்தால் எண் பூஜ்யத்துக்கும் கீழே செல்லும். கணினி அதைப் பூஜ்யமாக எழுதிவிடும். ஊசியால் குத்தியது போன்ற கரிய துளை அங்கே தோன்றும்.

ஆகவே கழித்த படத்தைப் பார்த்தே தவற்றின் திசையை அறியலாம். பழைய இடங்களில் ஒளிப்புள்ளிகள் எஞ்சியிருந்தால் இருட்படம் குளிர்ந்தது, அல்லது நேரம் குறைந்தது. கருந்துளைகள் நிறைந்திருந்தால் இருட்படம் சூடேறியது, அல்லது நேரம் மிகுந்தது. இருட்படத்தை ஓர் எண்ணால் பெருக்கிப் பொருத்தும் வழியும் உண்டு. ஆயினும், எல்லாச் சூட்டுப் பிக்சல்களும் ஒரே விகிதத்தில் பெருகுவதில்லையாதலால் அது முற்றும் பொருந்தாது. சரியான உஷ்ணநிலையில் மீண்டும் எடுப்பதே மேல்.

ஓர் இருட்படம் போதுமா?

கசிவின் சராசரி மாறாதிருப்பினும், ஒவ்வொரு முறையும் அது சிறிது கூடியும் குறைந்தும் வரும். இத்தடுமாற்றத்தின் அளவு எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் ஆகும். மேற்கண்ட சூட்டுப் பிக்சலில் வானமும் கசிவும் சேர்ந்து 3,240 எலெக்ட்ரான்கள். தடுமாற்றம் சுமார் 57. இருட்படத்தில் 3,000 எலெக்ட்ரான்கள். தடுமாற்றம் சுமார் 55. கழிக்கும்போது எண்கள்தாம் கழிகின்றன. தடுமாற்றங்கள் கழிவதில்லை, சேர்கின்றன. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 79 வரும்.

பதினாறு இருட்படங்களை எடுத்துச் சராசரி கண்டால், சராசரியின் தடுமாற்றம் நாலில் ஒரு பங்காக, அதாவது 14 ஆகக் குறையும். அப்போது மொத்தம் 59. அறுபத்து நாலு இருட்படங்கள் எடுத்தாலும் 57-க்குக் கீழே அது இறங்காது. ஏனெனில் வானப்படத்திலேயே உள்ள தடுமாற்றம் அது. ஆகவே பதினாறு முதல் இருபது வரை எடுத்துக்கொள்வது உழைப்புக்கேற்ற பயன் தரும்.

நீண்ட நேரப் படத்தின் இரைச்சலைக் குறைக்கும் வசதி பல காமிராக்களிலேயே அமைந்துள்ளது. அதை இயக்கினால், இரண்டு நிமிஷப் படம் முடிந்ததும் காமிரா தானாகவே ஒளியை மறைத்து இன்னும் இரண்டு நிமிஷம் இருட்படம் எடுத்துக் கழித்துக்கொள்ளும். உஷ்ணநிலை நன்கு பொருந்துவது இதன் நன்மை. கழிக்கப்படுவது ஒரே ஓர் இருட்படம் என்பதும், இரவின் பாதி நேரம் மூடிய கண்ணுடன் கழிவதும் இதன் தீமைகள். ஒன்றிரண்டு படம் மட்டும் எடுப்போருக்கு இது தகும். பல படங்களைச் சேர்க்க விரும்புவோர் அதை நிறுத்திவிட்டு இருட்படங்களைத் தனியே எடுத்தல் வேண்டும்.

எப்போது கழிப்பது?

வண்ணக் காமிராவில் ஒவ்வொரு பிக்சலின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளுள் ஒன்றே உள்ளது. மற்ற இரு நிறங்களையும் காமிரா அயற்பிக்சல்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. ஊகிப்பதற்கு முன் ஒரே கட்டத்தில் அடங்கியிருந்த சூட்டுப் புள்ளி, ஊகித்த பின் சிறு சிலுவை போல அயலிலும் பரவி நிறம் பெற்றுவிடும். ஒற்றை நிறப் புள்ளிகள் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. பரவிய பின் கழித்தால் கறை முழுவதும் போகாது. ஆகவே கழித்தலை ‘ரா’ எனப்படும் மூலக் கோப்பிலேயே, நிறம் நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டும். ஜே.பெ.க். கோப்பில் நிறமும் வெளிச்சமும் மாற்றப்பட்டு, எண்களும் சுருக்கப்பட்டிருப்பதால் மேற்சொன்ன கணக்கு அங்கே பொருந்தாது. இலவசமாகக் கிடைக்கும் ‘சிரில்’ போன்ற வானப்பட மென்பொருள்கள் இவ்வரிசையை மாற்றாமல் செய்து தருகின்றன.

கழித்தலுக்கு அடங்காதவை

சில பிக்சல்களின் கசிவு மிகப் பெரிது. அவை வானப்படத்திலும் இருட்படத்திலும் 16,383 என்னும் உச்ச எண்ணை எட்டி நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பூஜ்யமே வரும்; அங்கு எவ்வளவு ஒளி விழுந்தது என்னும் செய்தி முன்னமே அழிந்துவிட்டது. அத்தகைய இடங்களை இருட்படத்தின் துணையால் பட்டியலிட்டு, ஒரே நிற வடிகட்டியுடைய அயற்பிக்சல்களின் நடு எண்ணால் நிரப்புவதே வழி.

இவ்வாறு நிரப்பும்போது பட்டியலின் மூலம் எதுவென்பது முக்கியம். பட்டியல் இருட்படத்திலிருந்து வந்தால் நட்சத்திரத்துக்கு ஆபத்தில்லை. ஏனெனில் இருட்படத்தில் நட்சத்திரம் இராது. அவ்வாறன்றி, வானப்படத்தையே பார்த்து ‘அயலைவிட மிகுந்து ஒளிரும் தனிப் பிக்சல் எல்லாம் குறையே’ என்று முடிவு செய்யும் வடிகட்டிகளும் உண்டு. கூர்மையான லென்சில் மங்கிய நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே பிக்சலில் அடங்கிவிடும். அவ்வடிகட்டி சூட்டுப் புள்ளியுடன் அதையும் விழுங்கிவிடும். சில காமிராக்கள் நீண்ட படங்களில் இதை மூலக் கோப்பிலேயே செய்துவிடுவதுண்டு. ஒரே வான்பகுதியைச் சில வினாடிப் படமாகவும் நீண்ட படமாகவும் எடுத்து ஒப்பிட்டால் இது வெளிப்படும். குறுகிய படத்தில் கண்ட நட்சத்திரம் நீண்ட படத்தில் காணாமற்போதல் அதன் அடையாளம்.

போலிச் சிறுகோள்

பெரும்பாலும் வான்வழிகாட்டிக் கருவி ஒன்றின் மீது காமிராவை வைத்து, பூமியின் சுழற்சியை ஈடுசெய்துகொண்டு படமெடுப்பது வழக்கம். ஆசிரியர் ஒருவர் தம் மாணவருடன் 200 மில்லிமீட்டர் லென்சைக் கொண்டு அரைமணிக்கு ஒன்றாக மூன்று படங்கள் எடுப்பதாகக் கொள்வோம். பிக்சலின் அகலம் 4.3 மைக்ரானானால், ஒரு பிக்சல் வானில் சுமார் 4.4 விகலையைத் தாங்கும். ஒரு டிகிரிக்கு 3,600 விகலை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள் ஒன்று சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும்போது, நட்சத்திரங்களினூடே மணிக்குச் சுமார் 30 விகலை நகரும். அதாவது ஏழு பிக்சல்.

வழிகாட்டிக் கருவியின் அச்சு துருவத்தை நோக்கிச் சரியாக அமையாவிட்டால், நட்சத்திரங்கள் சென்சாரின் மீது மெல்ல வழுகும். அவ்வழுகலும் மணிக்கு ஏழு பிக்சலாக இருத்தல் அரிதன்று. இப்போது மூன்று படங்களையும் நட்சத்திரங்கள் ஒன்றன்மீது ஒன்று பொருந்துமாறு கணினியில் அடுக்கினால் நிகழ்வது யாது? நட்சத்திரங்கள் நிலைபெறும். சென்சாரில் அசையாது நின்ற சூட்டுப் புள்ளியோ, ஒவ்வொரு படத்திலும் மூன்றரைப் பிக்சல் தள்ளி, நேர்கோட்டில், சீரான வேகத்தில் நகர்வதாகத் தோன்றும். சிறுகோளின் இலக்கணம் அனைத்தும் அதனிடம் காணப்படும்.

இவ்வையத்தைத் தீர்க்க, அடுக்குவதற்கு முந்தைய படங்களைத் தனித்தனியே திறந்து அப்புள்ளியின் இருப்பிடத்தைக் குறிக்க வேண்டும். மூன்றிலும் அது 2,140-ஆம் நிரலில் 1,385-ஆம் வரிசையிலேயே இருக்குமானால், நகர்ந்தது வானமேயன்றிப் புள்ளியன்று. இருட்படத்தில் அதே இடத்தைப் பார்த்தால் உறுதி ஏற்படும். வடிவமும் சாட்சி கூறும். நட்சத்திரமும் சிறுகோளும் லென்சினால் சிறிதளவேனும் பரவி அயற்பிக்சல்களிலும் ஒளி சிந்தும். சூட்டுப் புள்ளி தன் கட்டத்தை விட்டு வெளியே வராது.

இதற்கு முன்கூட்டியே காப்புச் செய்யவும் வழியுண்டு. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் காமிராவை வேறு வேறு திசையில் பத்துப் பதினைந்து பிக்சல் அளவு தள்ளிவைக்கலாம். பின்னர் நட்சத்திரங்களைப் பொருத்தி அடுக்கினால் சூட்டுப் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறும். ஒவ்வோரிடத்திலும் எல்லாப் படங்களின் நடு எண்ணை மட்டும் ஏற்றால், ஒரே படத்தில் மிகுந்து நிற்பவை விலக்கப்படும். இருட்படத்தில் சிக்காத காஸ்மிக் கதிரின் தடங்களும் இதனால் நீங்கும். கழித்தலுக்குப் பின் எஞ்சும் தடுமாற்றமும் ஒரே கோட்டில் குவியாது. இதற்கு நான்கு படமேனும் வேண்டும். பத்துக்கு மேல் இருப்பின் நன்று.

இருட்படத் தொகுப்பின் ஆயுள்

உஷ்ணநிலைக்கும் கால அளவுக்கும் தக்கவாறு இருட்படங்களைத் தொகுத்து வைத்துக்கொள்வது வேலையைக் குறைக்கும். ஆனால் அத்தொகுப்பு என்றும் நிலைப்பதன்று. காஸ்மிக் கதிர்கள் சிலிகன் படிகத்தைத் தாக்கிப் புதிய குறைகளை உண்டாக்குவதால் காமிராவுக்கு வயதாக ஆக, சூட்டுப் பிக்சல்கள் பெருகும். வானவெளியில் இது மிக விரைவாக நிகழும். 1990-இல் செலுத்தப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியில் குளிர்விக்கப்பட்ட சென்சார்களைச் சுமார் மாதத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே சூடேற்றி, புதிதாகத் தோன்றிய சூட்டுப் பிக்சல்களிற் பலவற்றை ஆற்றும் வழக்கம் இதன்பொருட்டே ஏற்பட்டது.

தரையிலுள்ள காமிராவுக்கு அத்தகைய சிகிச்சை தேவையில்லை. புதிய இருட்படங்களே போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொகுப்பைப் புதுப்பித்து, ஒவ்வொன்றின் மீதும் தேதி, உஷ்ணநிலை, ஐ.எஸ்.ஓ. எண், கால அளவு ஆகிய நான்கையும் எழுதிவைக்க வேண்டும். இந்நான்கும் தெரியாத இருட்படத்தை வானப்படத்திலிருந்து கழித்தலாகாது.